நீறு பூத்த நெருப்பு: அரிசி ஆலை உமிச் சாம்பல் நாள்கணக்கில் ஆறாமல் இருப்பது ஏன்? கையாள்வது எப்படி?

ஆரணி, காங்கேயம், செங்குன்றம், தஞ்சாவூர், திருவாரூர் என்று அரிசி ஆலைகள் நிறைந்த பகுதிகளில் ஒரு காட்சி பழகிப்போன ஒன்று. ஆலையின் பின்பக்கத்திலோ, ஊருக்கு வெளியே உள்ள பொட்டல் நிலத்திலோ கறுப்பும் வெளுப்புமாக ஒரு மேடு இருக்கும். அது உமிச் சாம்பல். மேலே தொட்டால் சில்லென்று இருக்கும். மழை பெய்திருந்தால் பொருக்குத் தட்டி, தரை மாதிரியே தெரியும். 'சாம்பல்தானே, எப்பவோ ஆறிப்போயிருக்கும்' என்று அதன் மேல் நடப்பவர்கள் உண்டு. காலை வைத்ததும் முழங்கால் வரை உள்ளே இறங்கும். அடியில் இருப்பது நெருப்பு.

ஆடு மாடு மேய்ப்பவர்கள், விளையாடப் போன பிள்ளைகள், இருட்டில் ஒதுங்கப் போனவர்கள் எனக் காலில் தீக்காயத்தோடு மருத்துவமனைக்கு வருபவர்கள் இப்படித்தான் சிக்குகிறார்கள். உமிச் சாம்பல் ஏன் இப்படி? அதற்கான பதில் உமிக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு டன் நெல்லில் எவ்வளவு உமி?

நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஒரு டன் நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி கிடைக்கும். ரப்பர் ரோல் ஷெல்லர் வைத்திருக்கும் ஆலைகளில் உமி தனியாக, சுத்தமாக வரும். பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் கலந்தே விழும் என்பதால், அது அடுப்புக்குப் போவதை விடத் தீவனத்துக்குப் போவதுதான் அதிகம்.

புழுங்கல் அரிசி ஆலைக்கு உமி கழிவு அல்ல, எரிபொருள். நெல்லை ஊறவைக்க வெந்நீர், அவிக்க நீராவி, காயவைக்கச் சூடான காற்று என எல்லாவற்றுக்குமான வெப்பம் உமி எரியும் பாய்லரிலிருந்துதான் வருகிறது. நன்கு காய்ந்த ஒரு கிலோ உமி 3,000 முதல் 3,500 கிலோ கலோரி வரை வெப்பம் தரும். காய்ந்த விறகைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

பெரிய வித்தியாசம் சாம்பலில் இருக்கிறது. 100 கிலோ விறகு எரிந்தால் மிஞ்சுவது ஒன்றிரண்டு கிலோ சாம்பல். 100 கிலோ உமி எரிந்தால் 18 முதல் 20 கிலோ வரை மிஞ்சும்.

கணக்காகப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். நாளொன்றுக்கு 40 டன் நெல் அவித்து அரைக்கும் ஓர் ஆலையை வைத்துக்கொள்வோம். அங்கே 8 டன் உமி விழும். அதில் 5 டன் சொந்த பாய்லருக்கே போய்விடுகிறது, மீதி 3 டன் விற்பனைக்கு என்றால், பாய்லர் அடியில் தினமும் ஒரு டன் சாம்பல் சேரும். ஆண்டுக்கு 300 நாள் ஆலை ஓடினால் 300 டன். வெளியே விற்ற 3 டன் உமியும் எங்கோ ஓரிடத்தில் எரிந்து, தினமும் 600 கிலோ சாம்பலை அங்கே விட்டுவைக்கும்.

பிரிக்கெட் ஆக்கினால் சாம்பல் குறையுமா?

குறையாது. பிரிக்கெட் பற்றிப் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான்.

உமியின் பெரிய சிக்கல் அதன் இடம்தான். ஒரு டன் உமியைக் கொட்டி வைக்கச் சுமார் 10 கன மீட்டர் இடம் வேண்டும். லாரி நிறைந்து கூம்பாக நின்றாலும் எடை மேடையில் சில டன்தான் காட்டும். அதையே அழுத்திக் கட்டையாக்கினால் ஒரு டன் இரண்டு கன மீட்டருக்குள் அடங்கிவிடும். வண்டி வாடகை மிச்சம், அடுக்கி வைக்க வசதி, அடுப்பில் போடவும் எளிது. பிரிக்கெட் தரும் நன்மை இவ்வளவுதான். உள்ளே இருப்பது அதே உமி. ஒரு கிலோவுக்கான வெப்பமும் ஏறக்குறைய அதேதான், சாம்பலும் அதேதான்.

செய்முறை பார்க்க எளிது. 10 முதல் 12 சதவீத ஈரம் உள்ள உமியை, சுமார் 300 டிகிரி வரை சூடாக்கிய இரும்பு அச்சுக்குள் திருகு ஒன்று நெட்டித் தள்ளும். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் உமியில் உள்ள லிக்னின் இளகி, அதுவே பசையாகிவிடுகிறது. தனியாகப் பசை சேர்க்க வேண்டியதில்லை. நடுவில் ஓட்டை உள்ள நீளக் கட்டையாக வெளியே வரும். பங்களாதேஷில் உமிக்கு இந்த வகை இயந்திரம்தான் பரவலாக ஓடுகிறது. தமிழ்நாட்டில் மரத்தூள், நிலக்கடலைத் தோலோடு உமியைக் கலந்து அழுத்துவதும் உண்டு.

செலவு வைப்பது திருகுதான். உமியில் உள்ள சிலிக்கா, உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தேய்த்துவிடும். திருகின் முனை சில மணி நேர ஓட்டத்திலேயே தேய்ந்து, அதன் மேல் கடினமான உலோகத்தை வெல்டிங் வைத்து மறுபடி உருவம் கொடுக்க வேண்டிவரும். பிரிக்கெட் தொழில் தொடங்குபவர்கள் மின்சாரத்தையும் கூலியையும் கணக்குப் பார்த்துவிட்டு இதை விட்டுவிட்டால், ஆரம்ப மாதங்களிலேயே கணக்கு உதைக்கும்.

ஈரம் கூடினாலும் ஆபத்து. அச்சுக்குள் நீராவி அடைபட்டு, படார் என்ற சத்தத்தோடு உமியைத் திருப்பி அடிக்கும். அச்சு வாயருகே முகத்தைக் காட்டக் கூடாது. கட்டையின் மேல் குறுக்கே வெடிப்பு இருந்தாலோ, கையில் எடுத்ததும் உதிர்ந்தாலோ, உமியில் ஈரம் அதிகம் அல்லது அச்சில் சூடு போதவில்லை என்று அர்த்தம். நல்ல கட்டையும்கூட மழையில் நனைந்தால் ஊதி உதிர்ந்துவிடும். வாங்குபவர்கள் கூரைக்குக் கீழ், தரையில் படாமல் பலகை மேல் அடுக்க வேண்டும்.

விறகிலிருந்து உமி பிரிக்கெட்டுக்கு மாறும் டீக்கடையோ, கல்யாண மண்டபச் சமையல் கூடமோ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அடுப்பில் இதுவரை வந்ததைப் போலப் பத்து மடங்குக்கு மேல் சாம்பல் வரும். வழக்கம்போல ராத்திரி வாரி பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டினால், விடிவதற்குள் தொட்டி எரிந்துவிடலாம்.

ஏன் ஆறவே மாட்டேன் என்கிறது?

நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை நிறைய உறிஞ்சும் பயிர். அது தங்கும் இடங்களில் முக்கியமானது உமி. எரியும்போது மற்றதெல்லாம் போய்விட, சிலிக்காவால் ஆன ஒரு கூடு மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் சாம்பலான பிறகும் உமியின் படகு வடிவம் அப்படியே தெரியும். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்காதான்.

அந்தக் கூடு முழுக்க நுண்ணிய துளைகள். துளைகளில் காற்று. காற்று அடைபட்ட பொருள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உருக்கு ஆலைகளில் உமிச் சாம்பலை விலை கொடுத்து வாங்குவது இதற்காகத்தான். 1,500 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உருக்கு, வார்ப்புக்குப் போகும் வழியில் ஒரு தொட்டியில் நிற்கும்போது சூடு இறங்காமல் இருக்க, அதன் மேல் உமிச் சாம்பலைப் போர்வையாகத் தூவுகிறார்கள். உருகிய உருக்கையே ஆறவிடாமல் வைக்கும் அதே குணம்தான், ஆலைக்குப் பின்னால் கிடக்கும் மேட்டின் உள்சூட்டையும் காத்துவைக்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பாய்லரிலிருந்து வரும் சாம்பல் பெரும்பாலும் கறுப்பாகவோ அடர் சாம்பல் நிறமாகவோ இருக்கும். கறுப்பு என்பது எரியாமல் தங்கிய கரி. சிலிக்காக் கூட்டுக்குள் மாட்டிக்கொண்ட அந்தக் கரி, காற்று அரிதாகக் கிடைக்கும் மேட்டின் நடுவில் கனன்றுகொண்டே இருக்கும். யாராவது மண்வெட்டியால் கிளறினால், அல்லது கால் வைத்துப் பொருக்கை உடைத்தால், புதுக்காற்று உள்ளே போய் மறுபடி தணலாகும். 'நீறு பூத்த நெருப்பு' என்று தமிழில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

பெயின்டிங் பிரஷ் வேலை இல்லை. வாளித் தண்ணீரும் தீர்வு இல்லை

சூடான சாம்பல் மேட்டைப் பார்த்ததும் பலரும் செய்வது, ஹோஸ் பைப்பைப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சுவது. இதில் இரண்டு சிக்கல்கள். தண்ணீர் மேலே ஒரு பொருக்கை உண்டாக்கிவிட்டு, பக்கவாட்டில் வழிந்து ஓடிவிடும். உள்ளே இருக்கும் தணல் அப்படியே இருக்கும். மாறாக, ஒரே இடத்தில் துளைத்து உள்ளே இறங்கினால், சட்டென்று நீராவியாகி, சூடான சாம்பலை ஆளின் முகத்துக்கு அடிக்கும்.

சரியான முறை மேடாகக் கொட்டாமல் இருப்பதில் தொடங்குகிறது. பாய்லர் அடியிலிருந்து எடுக்கும்போதே நீர்த்தூவலுக்குள்ளோ, தண்ணீர்த் தொட்டி வழியாகவோ சாம்பலை வெளியேற்றும் ஏற்பாடு இருந்தால் பாதி ஆபத்து அங்கேயே தீர்ந்துவிடும். அந்த வசதி இல்லாத ஆலைகளில், சிமென்ட் தளத்தில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் சாம்பலைப் பரப்ப வேண்டும். பூவாளியில் ஊற்றுவது போல மெல்லிய தூவலாகத் தண்ணீர் தெளித்து, நீளப் பிடி உள்ள கருவியால் புரட்டி, மறுபடி தெளிக்க வேண்டும். புரட்டாமல் தெளிப்பதால் பயன் இல்லை. ஆள் காற்று வீசும் பக்கத்தில் நிற்க வேண்டும், எதிர்ப்பக்கத்தில் அல்ல.

ஆறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நீளமான இரும்புக் கம்பியை மேட்டின் நடுவரை செருகி, சில நிமிடம் விட்டு, துணி சுற்றிய பிடியால் உருவி எடுக்க வேண்டும். நுனிக்கு அருகில், தொடாமல், புறங்கையைக் கொண்டுபோனாலே சூடு தெரியும். இதை ஒரே இடத்தில் செய்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது, நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். தெளித்த ஈரம் ஓர் இடத்தில் மட்டும் சீக்கிரம் காய்ந்துவிடுவது, விடியற்காலையில் மேட்டிலிருந்து லேசாக ஆவி எழுவது, கரிந்த வாடை வருவது ஆகியவையும் உள்ளே தணல் இருப்பதற்கான அடையாளங்கள்.

கம்பி சில்லென்று வந்த பிறகுதான் சாக்கில் கட்டுவதும் லாரியில் ஏற்றுவதும். சூடான சாம்பலைச் சாக்கில் கட்டினால், ஓடும் வண்டியில் காற்றுப் பட்டுச் சாக்கு எரியத் தொடங்கும். ஏற்றும்போது சாம்பல் ஈரமாக இருக்க வேண்டும், மேலே தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் வரும் பைக் ஓட்டுநரின் கண்ணில்தான் அது போய் விழும்.

கொட்டும் இடத்தைச் சுற்றி வேலி கட்டாயம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அறிவிப்புப் பலகை மட்டும் போதாது. ஊர்ப் பாதை, மேய்ச்சல் நிலம், குளக்கரை இவற்றை ஒட்டி ஆறாத சாம்பலைக் கொட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் நியாயப்படுத்த முடியாது.

நுரையீரலுக்கு என்ன ஆபத்து?

தீக்காயம் உடனே தெரிந்துவிடும். தூசி அப்படி இல்லை.

சுமார் 700 டிகிரிக்குள் எரிந்த உமியில் உள்ள சிலிக்கா பெரும்பாலும் படிக வடிவம் இல்லாததாகவே இருக்கும். அதற்கு மேல், குறிப்பாக 800 டிகிரியைத் தாண்டி அதிக நேரம் சூடேறினால், அதில் ஒரு பகுதி கிரிஸ்டோபலைட் போன்ற படிக சிலிக்காவாக மாறத் தொடங்கும். கல் குவாரித் தொழிலாளர்களுக்கு வரும் சிலிகோசிஸ் நோய்க்குக் காரணம் படிக சிலிக்காத் தூசிதான். சுவாசத்தில் கலக்கும் படிக சிலிக்காவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. சிலிகோசிஸ் குணமாகாத நோய். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, இந்த நோய் கண்டறியப்பட்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற பட்டியலில் இதைச் சேர்த்திருந்தது.

பாய்லர் உலைக்குள் வெப்பம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், ஒரே ஆலையின் சாம்பலிலேயே இரண்டு வகையும் கலந்திருக்கலாம். நிறம் ஒரு குறிப்புத் தரும். கரியெல்லாம் எரிந்து, வெள்ளையாகவோ லேசான இளஞ்சிவப்பாகவோ வரும் சாம்பல் அதிகச் சூட்டைப் பார்த்தது, அதில் படிக சிலிக்கா இருக்க வாய்ப்பு கூடுதல். ஆனால் நிறத்தை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆய்வகத்தில் எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷன் சோதனை செய்தால்தான் தெரியும். படிகம் இல்லாத சாம்பலும் கண், தொண்டை, மூச்சுக்குழாயை அரிக்கத்தான் செய்யும்.

அதனால் தினமும் சாம்பலோடு வேலை செய்பவர்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. ஆபத்தான துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, துண்டின் இழைகளுக்கு நடுவே சுலபமாகப் போய்விடும். என்-95 வகை முகக்கவசம், பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, முழங்கால் உயர பூட்ஸ், கையுறை ஆகியவை தேவை. பேன்ட்டை பூட்ஸுக்குள் செருகாமல் மேலே விட வேண்டும். செருகினால் சூடான சாம்பல் பூட்ஸுக்குள் கொட்டி அங்கேயே தங்கிவிடும். உலர்ந்த சாம்பலைத் துடைப்பத்தால் பெருக்குவதும், உடம்பில் ஒட்டியதை ஏர் ஹோஸால் ஊதித் தள்ளுவதும் கூடாது. நனைத்துவிட்டு வார வேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போனால் தூசியும் கூடவே போகும்.

மேட்டில் கால் பட்டுவிட்டால்?

உடனே வெளியே வந்து, செருப்பையும் சாக்ஸையும் கழற்ற வேண்டும். ஒட்டியிருக்கும் சாம்பலைத் தட்டிவிட்டு, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காலைக் காட்ட வேண்டும். தோலோடு ஒட்டிப்போன துணியைப் பிய்க்கக் கூடாது. ஐஸ், டூத்பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேவைப்பட்டால் 108-ஐ அழைக்கலாம். குழந்தையின் கால் என்றால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு வலியே தெரியாமல் ஆழமாகச் சுட்டிருக்கலாம், அவர்களும் காத்திருக்கக் கூடாது. கண்ணில் சாம்பல் விழுந்தால் தேய்க்காமல் தண்ணீரால் நெடுநேரம் கழுவ வேண்டும்.

சாம்பலை என்னதான் செய்வது?

நன்றாக எரிந்து, நைஸாக அரைத்த சாம்பலை சிமென்ட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் சேர்க்கலாம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 இதை அனுமதிக்கிறது. அதற்குத் தேவை கரி குறைந்த, படிகமாகாத சாம்பல். ஆலை மேட்டில் கிடக்கும் கறுப்புச் சாம்பலை அப்படியே வாரி கொத்தனாரிடம் கொடுப்பது வேறு விஷயம். கரி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், கலவை கெட்டியாகும், வலு குறையும். செங்கல் தயாரிப்பில் இவ்வளவு கெடுபிடி இல்லை.

வயலுக்கும் போடலாம். நெல் எடுத்துக்கொண்ட சிலிக்காவும் கொஞ்சம் பொட்டாஷும் மண்ணுக்குத் திரும்பும். ஆனால் சாம்பல் காரத்தன்மை உள்ளது. ஏற்கெனவே களர் நிலமாக இருந்தால் மண் பரிசோதனை இல்லாமல் போடக் கூடாது. யூரியாவோடு கலந்து தூவினால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். லாரி லாரியாக ஓரிடத்தில் கொட்டிவிட்டு அதற்கு 'உரம்' என்று பெயர் வைப்பது வேறு.

பல் துலக்க உமிக்கரி பயன்படுத்திய தலைமுறை இன்னும் இருக்கிறது. அது வீட்டில் மூடிக் கருக்கிய கரி. பாய்லர் சாம்பலை அந்த ஞாபகத்தில் எடுத்துப் பல் தேய்க்க வேண்டாம். திருகையே தேய்க்கும் சிலிக்கா பல் எனாமலை விட்டுவைக்காது.

ஆலைச் சாம்பல் வீட்டு மொட்டை மாடியில் படிகிறது, ஆறாத சாம்பலைப் பொது இடத்தில் கொட்டுகிறார்கள் என்றால், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஆலை இயங்க வாரியத்தின் இசைவாணை தேவை, அதில் நிபந்தனைகளும் இருக்கும். புகாரில் தேதி, நேரம், காற்று வீசிய திசை, கொட்டிய இடத்தின் புகைப்படம் இருந்தால் நல்லது. மேட்டுக்குள் தணல் இருப்பது தெரிந்தால் முதலில் தீயணைப்புத் துறையின் 101 அல்லது அவசர உதவி எண் 112-க்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும் வரை பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.